ஓட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கத் தேவையில்லாத தரகர்

கேள்வி: ஓட்டு ரகசியம்தானே? பொருளோ பணமோ வாங்கிக்கொண்டு வேறு கட்சிக்குப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அர்ஜென்டினாவில் கட்சிகள் ஏழைகளுக்கு உதவி செய்தே பல காலமாக ஓட்டு வாங்குகின்றன என்று படித்தேன். ஏமாந்துபோவோம் என்ற பயம் அவர்களுக்கு இல்லையா?

பலருக்கும் முதலில் சந்தேகம் போவது அந்த நாட்டு ஓட்டுச்சீட்டின் மேல்தான். அதில் நியாயமும் உண்டு. நம்மூரில் எல்லா வேட்பாளர்களும் ஒரே இயந்திரத்தில் இருப்பார்கள், முன்பு ஒரே சீட்டில் இருந்தார்கள். அர்ஜென்டினாவின் தேசியத் தேர்தலில் 2025 வரை அப்படி இல்லை. கட்சிக்கு ஒரு சீட்டு, அதைக் கட்சியே அச்சடித்துக்கொள்ளும். வாக்குச்சாவடி அதிகாரி ஒரு காலி உறையில் கையெழுத்துப் போட்டுத் தருவார். அதை எடுத்துக்கொண்டு ‘இருட்டறை’ என்று அவர்கள் சொல்லும் அறைக்குள் போக வேண்டும். பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைதான் அது. உள்ளே மேசைமேல் கட்சிவாரியாகச் சீட்டுகள் அடுக்கியிருக்கும். வேண்டிய கட்சியின் சீட்டை எடுத்து உறையில் போட்டு, வெளியே வந்து பெட்டியில் சேர்க்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எத்தனை ஓட்டைகள் என்று பாருங்கள். சீட்டு கட்சியின் கையிலேயே இருப்பதால் முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, “இதை அப்படியே பையில் வைத்துக்கொண்டு போ” என்று சொல்லலாம். இருட்டறைக்குள் போகும் சொந்த ஆளை விட்டு எதிர்க்கட்சிச் சீட்டுக் கட்டைத் தூக்கிவிடலாம். சின்னக் கட்சிகளின் நிரந்தரப் புகாரே இதுதான், ஏனென்றால் தீரத் தீரச் சீட்டு வைக்க ஒவ்வொரு சாவடியிலும் ஆள் நிறுத்த அவர்களால் முடியாது. இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒரு வழி உண்டு, அதைச் சங்கிலி ஓட்டு என்பார்கள். முதலில் போகிறவர் அதிகாரி கையெழுத்திட்ட உறையைப் பெட்டியில் போடாமல் வேறொன்றைப் போட்டுவிட்டு, அசல் உறையை வெளியே கொண்டுவந்துவிடுவார். தரகர் அதில் தன் கட்சிச் சீட்டை வைத்து அடுத்தவரிடம் கொடுப்பார். அடுத்தவர் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு, தனக்குக் கொடுக்கப்பட்ட காலி உறையைக் கொண்டுவந்து நீட்டுவார். உறை கைக்கு வந்தால் ஓட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, இதுதான் ரகசியத்தை உடைக்கும் வழி என்று முடித்துவிடலாமா என்றால் முடியாது. ஒரு சாவடி மேசைக்கு ஏறக்குறைய 350 வாக்காளர்கள். நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு சங்கிலியில் எத்தனை பேரைக் கோர்க்க முடியும்? நடுவில் ஒருத்தர் சொதப்பினால் அறுந்துவிடும். மாட்டினால் வழக்கு. இந்தத் தில்லுமுல்லுகள் எல்லாம் நெருக்கமான போட்டியில் கடைசி நேரத்துக்கு உதவுபவை. தொழில் ஓடுவது வேறு இடத்தில்.

அது ஓடும் இடம், புவனோஸ் ஐரிஸ் நகரைச் சுற்றியுள்ள புறநகர் வளையத்தின் ஏழைக் குடியிருப்புகள். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ‘புன்தேரோ’ இருப்பார், பெண்ணானால் ‘புன்தேரா’. கட்சிக்கும் தெருவுக்கும் நடுவில் நிற்கும் தரகர் இவர்தான். நம் பேச்சில் வட்டச் செயலாளரையும் ரேஷன் கார்டு வாங்கித் தரும் ஆளையும் ஆஸ்பத்திரியில் படுக்கை பிடித்துத் தருகிறவரையும் ஒன்றாக உருக்கி வார்த்தால் வருகிற உருவம். பெரும்பாலும் முன்னாள் அதிபர் பெரோன் தொடங்கிய பெரோனியக் கட்சிக்காரர், ஆனால் மற்றக் கட்சிகளுக்கும் உண்டு. ‘உனிதாத் பாசிகா’ எனப்படும் கட்சியின் அடிமட்டக் கிளை பல நேரம் அவருடைய வீட்டின் முன்னறையாகவே இருக்கும், சுவரில் பெரோன் படமும் அவர் மனைவி ஏவிட்டா படமும் மாட்டியிருக்கும்.

பெரோன் காலத்தில் ஏழைக்கும் அந்தக் கட்சிக்கும் நடுவில் பாலமாக இருந்தது தொழிற்சங்கம். 1990-களில் பெரோனியக் கட்சியிலிருந்தே வந்த அதிபர் மெனெம் அரசு நிறுவனங்களை விற்று, இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார். ஆலைகள் மூடின. 1995-ல் வேலையின்மை 18 சதவீதத்தைத் தொட்டது. ஆலை போனபின் சங்கம் எங்கிருந்து வரும்? காலியான அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் புன்தேரோ. புவனோஸ் ஐரிஸ் மாகாண ஆளுநராக இருந்த எதுவார்தோ துவால்தே 1994-ல் ஒரு பால் திட்டம் தொடங்கினார், அதை நடத்தியவர் அவருடைய மனைவி. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பாலும் முட்டையும் தானியமும் தெருத் தெருவாகப் பங்கிட்டவர்கள் சம்பளமில்லாத உள்ளூர்ப் பெண்கள், மொத்தம் இருபதாயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு ‘மன்சனேரா’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் மன்சானா என்றால் ஆப்பிள், நான்கு தெருக்களுக்கு நடுவிலுள்ள வீட்டுத் தொகுதிக்கும் அதே சொல்தான். தொகுதிக்கு ஒரு பெண் என்பதால் அந்தப் பெயர். திட்டத்தின் பால் உண்மையான பால், குடித்த குழந்தைகளும் உண்மையான குழந்தைகள். கூடவே, எந்த வீட்டில் யார் வேலை இழந்தார், யார் மாசமாக இருக்கிறார், யாருக்கு யார்மேல் கோபம் என்பதெல்லாம் தெரிந்த ஒரு கண் ஒவ்வொரு தொகுதியிலும் வந்து உட்கார்ந்தது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை ஆரம்பிக்கிறது. கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவருக்குக் கட்டட வேலை, வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். 1990-களின் பிற்பாதியில் ‘திராபாகார்’ என்றொரு வேலைத்திட்டம் இருந்தது. மாதம் 200 பெசோ வரை கிடைக்கும். ஆனால் இடம் குறைவு, ஒவ்வொரு திட்டமும் சில மாதங்களுக்குத்தான், அது முடிந்தால் மறுபடி பட்டியலில் பெயர் வர வேண்டும். நகராட்சி புன்தேரோவுக்கு இருபது இடம் ஒதுக்கியிருக்கிறது, தெருவில் தகுதியுள்ளவர்கள் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி நூறு பேருமே வாங்கத் தகுதியானவர்கள். யார் அந்த இருபது பேர் என்பதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை, புன்தேரோதான் சொல்கிறார். அடுத்த சுற்றிலும் அவரேதான் சொல்வார்.

அந்த இரண்டு அம்சங்களை, அதாவது எல்லோருக்கும் பற்றாத அளவையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய காலக்கெடுவையும், கழற்றிவிட்டால் வண்டி நின்றுவிடும். ஒருமுறை கொடுத்துவிட்டு ஓட்டைக் கேட்டால் வாங்கினவர் ஏமாற்றலாம். ஆனால் கொடுப்பது முடிவதே இல்லை என்னும்போது ஏமாற்றுவதில் லாபமில்லை. திருமங்கலம் 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு நம்மூரில் பேசப்படும் பண உறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஓட்டுக்கு முந்தின இரவு வரும் உறை ஓட்டோடு முடிந்துவிடும், இரண்டு கட்சியிடமும் வாங்கிக்கொண்டு தனக்குப் பிடித்தவருக்குப் போடுவதும் சகஜம். அர்ஜென்டினாவின் தெருவில் நடப்பது ஒருமுறை வியாபாரம் இல்லை, அது கணக்குத் தீராத உறவு.

அப்புறம், அவருக்கு ஓட்டு எப்படித் தெரியும்? தெரியாது. ஆளைத் தெரியும். இருபது வருடமாக ஒரே தெருவில் இருப்பவர், சாவடி வாசலில் உங்கள் முகத்தைப் பார்த்தே பாதி கணித்துவிடுவார். மீதிக்கு ஒரு பரீட்சை இருக்கிறது, அதுதான் கூட்டம். மேயரோ ஆளுநரோ பேசும் பொதுக்கூட்டத்துக்கு பஸ் வரும். சோரிபானும் (ரொட்டிக்கு நடுவில் சுட்ட தொத்திறைச்சி) கோக்கும் கொடுப்பார்கள். நம்மூர் பிரியாணிப் பொட்டலம் போலத்தான், எதிரணிக்காரர்கள் கேலி பேசுவதும் அதே தொனியில்தான். யார் பஸ் ஏறினார், யார் வரவில்லை என்பதை புன்தேரோ கவனிப்பார், சிலர் பெயரெழுதியே வைப்பார்கள். ஓட்டு ரகசியம், ஆனால் பஸ்ஸில் ஏறுவது ரகசியம் இல்லை. மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்து வராதவரின் பெயர் அடுத்த பட்டியலில் இல்லாமல் போகலாம். யாரும் மிரட்ட வேண்டியதில்லை, “இந்த முறை இடம் கம்மியாக வந்துவிட்டது” என்றால் போதும்.

அந்தத் தெருக்களில் பல மாதங்கள் தங்கி ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். புன்தேராவுக்கு நெருக்கமான குடும்பங்களிடம் “உதவிக்குப் பதிலாகத்தானே ஓட்டுப் போடுகிறீர்கள்?” என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். நடு ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது வண்டி ஏற்பாடு செய்து, மருந்தும் வாங்கிக் கொடுத்தவள் அவள். அவள் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போகாமல் இருப்பது எப்படி? அவர்களுக்கு அது நன்றி. அவளுக்கும் தான் வியாபாரம் செய்வதாக நினைப்பில்லை, ஏழைகளுக்கு உழைப்பதாகவே நினைப்பு. ஆனால் அந்த நெருங்கிய வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள், அதாவது எப்போதாவது ஒரு மளிகைப் பை மட்டும் கிடைத்தவர்கள், அதே ஆளைப் பற்றி “எல்லாம் தன் ஆட்களுக்குத்தான்” என்று கசப்போடு பேசுவார்கள். இரண்டுமே உண்மை என்றுதான் நான் நினைக்கிறேன். இதை வெறும் லஞ்சம் என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு, ஏன் இது இத்தனை காலம் நிற்கிறது என்பது விளங்காது.

கட்சிக்கு இருக்கும் தலைவலி வேறு. வாக்காளர் ஏமாற்றுவதைவிட, தரகர் ஏமாற்றுவதுதான் அதற்குப் பெரிய பயம். நூறு பை அனுப்பினால் எழுபதுதான் தெருவுக்குப் போகும். இருநூறு பேரைக் கையில் வைத்திருப்பதாகச் சொல்லும் ஆளிடம் உண்மையில் அறுபது பேர்தான் இருப்பார்கள். நாளைக்குக் கட்சிக்குள் வேறு கோஷ்டி தலைதூக்கினால் அந்த அறுபது பேரோடு அங்கே போய்விடுவார். ஆகவே பஸ்ஸை எண்ணுவது வாக்காளருக்கு மட்டுமான பரீட்சை இல்லை, மேலே இருப்பவர்கள் புன்தேரோவுக்கு வைக்கும் பரீட்சையும் அதுதான். தேர்தல் முடிந்ததும் பகுதிவாரி முடிவைப் பார்ப்பார்கள், ஆனால் அங்கே ஒரே வட்டாரத்து வாக்காளர்களைப் பெயரின் அகர வரிசைப்படிதான் சாவடி மேசைகளுக்குப் பிரித்திருப்பார்கள். ஒரு மேசை முடிவிலிருந்து ஒரு தெருவைப் படித்துவிட முடியாது.

இந்த இடத்தில் நம் நிலைமை இன்னும் மோசம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நம்முடைய வாக்குச்சாவடிப் பட்டியல் தெருவாரியானது, இயந்திரம் சாவடிவாரியாக எண்ணிக்கை தருகிறது. எந்தத் தெரு எப்படிப் போட்டது என்பது மறுநாள் உள்ளூர்க்காரர் கையில் இருக்கும். காகிதச் சீட்டுக் காலத்தில், தேவைப்பட்ட இடங்களில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. பல இயந்திரங்களைச் சேர்த்துக் கூட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது, இன்னும் அது நடைமுறைக்கு வரவில்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? கட்சி நிதியிலிருந்து அல்ல, பெரும்பகுதி நகராட்சியின் சம்பளப் பட்டியலிலிருந்து. வேலைக்கே வராமல் சம்பளம் மட்டும் வாங்குபவரை அங்கே ‘நியோக்கி’ என்பார்கள். நியோக்கி என்பது உருளைக்கிழங்கு மாவில் செய்யும் உருண்டை, மாதத்தின் 29-ம் தேதி அதைச் சாப்பிடுவது அந்த ஊர்ப் பழக்கம். மாசக் கடைசியில் மட்டும் தலைகாட்டுவதால் அந்தப் பட்டம். புன்தேரோவுக்கு மாச வருமானம் பல நேரம் இப்படி ஒரு நாற்காலியிலிருந்துதான் வரும். 2023 செப்டம்பரில் லா பிளாத்தா நகரில் ஒரு கட்சித் தரகர் ஏ.டி.எம்-மில் நெடுநேரம் நின்று பணம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் போலீஸ் பிடித்தபோது, கையில் 48 டெபிட் கார்டுகள் இருந்தன. எல்லாம் மாகாணச் சட்டமன்றத்தின் ஊழியர்களாகப் பதிவானவர்களுடையவை. அத்தனை பேர் பெயரில் வந்த சம்பளம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதுதான் அதற்குப் பிறகான வழக்கு.

சரி, போட்டி அதிகமானால், அதாவது எதிர்க்கட்சி பலமானால், இது குறையாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரு ஆய்வாளர் கோர்தோபா, சால்தா, ரியோ நேக்ரோ என்ற மூன்று மாகாணங்களின் நகராட்சிகளில் ஒரு உணவுத் திட்டத்தை வைத்து இதைச் சோதித்தார். ஓட்டைப் பற்றியே கேட்கவில்லை. பயனாளிப் பட்டியலில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ மேயர் கை வைக்கிறாரா என்பதைத்தான் தேடினார். ஒரு ஊரில் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது. கிடைத்த விடை இது: கடும் போட்டியும் இருந்து, ஊரில் நடுத்தர வர்க்கமும் கணிசமாக இருந்தால் மேயர்கள் பட்டியலைத் தொடுவதில்லை. நடுத்தர வர்க்கத்துக்கு இந்தப் பழக்கத்தின்மேல் அருவருப்பு, ஏழை ஓட்டைப் பிடிக்கப்போய் அந்த ஓட்டை இழக்க வேண்டிவரும். ஏழைகள் மிகுந்த ஊரில் போட்டி எவ்வளவு கடுமையானாலும் பட்டியல் மேயர் கையிலேயே இருந்தது. அங்கே போட்டி என்பது இரண்டு தரகர்களுக்கு நடுவிலான போட்டியாகிவிடுகிறது.

பட்டியலை மேயரிடமிருந்து பிடுங்கினால் என்ன ஆகும்? அதுவும் நடந்து பார்த்தாகிவிட்டது. 2001 டிசம்பரில் பொருளாதாரம் குப்புற விழுந்தது, மறு வருடம் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் வறுமையில். அதிபர் நாற்காலிக்கு வந்திருந்த அதே துவால்தே, வேலையில்லாத குடும்பத் தலைவர்களுக்கு மாதம் 150 பெசோ தரும் திட்டத்தைத் தொடங்கினார். சுமார் இருபது லட்சம் பேர் சேர்ந்தார்கள். அத்தனை பேருக்குக் கொடுக்கும்போது தரகர் யாரை விலக்குவது? எண்ணிக்கை பெருத்ததே அவர் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. ஆனால் வாரத்துக்கு 20 மணி நேர வேலை என்ற நிபந்தனை இருந்தது. வேலைக்கு வந்தாரா என்று கையெழுத்திடுகிறவர் உள்ளூர்க்காரர். ஊர்வலத்துக்கு வந்தால் வேலை நாளாகக் கணக்கு வைத்துக்கொண்ட கதைகள் வந்தது இதனால்தான். இந்த முறை வேலையில்லாதவர்களின் சாலை மறியல் அமைப்புகளும் அதே ஆட்டத்தை ஆடின, பெரோனியர்கள் மட்டும் இல்லை.

2009-ல் வந்த குழந்தை உதவித்தொகையில் அந்தக் கையெழுத்தும் போனது. முறைசாரா வேலையிலோ வேலையில்லாமலோ இருக்கும் பெற்றோருக்குத் தொடக்கத்தில் குழந்தைக்கு 180 பெசோ, ஐந்து குழந்தைகள் வரை. கொடுப்பது தேசிய சமூகப் பாதுகாப்பு அலுவலகம், பணம் நேரே வங்கி அட்டைக்கு வரும். தொகையில் 20 சதவீதத்தை மட்டும் நிறுத்திவைத்து, பிள்ளையின் தடுப்பூசிச் சான்றும் பள்ளிச் சான்றும் காட்டியபின் கொடுப்பார்கள். தகுதி இருந்தால் கிடைக்கும், இடம் இத்தனை என்ற பேச்சே கிடையாது. மேலே சொன்ன கற்பனைக் குடும்பம் இப்போது அந்தப் பணத்துக்காகப் பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் புன்தேரோ காணாமல் போகவில்லை. அட்டைக்குத் தேவையான அடையாளப் பத்திரம் எப்படி எடுப்பது, அலுவலகத்தில் எந்த ஜன்னலில் நிற்பது, வெள்ளம் வந்தால் மெத்தையும் தகரமும் யார் தருவார், மகனுக்கு நகராட்சியில் வேலை உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் அதே வீட்டுக் கதவைத்தான் இன்னமும் தட்டுகிறார்கள். அவர் கையில் கொடுக்க இருப்பது சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஓட்டுச்சீட்டு விஷயமும் கடைசியில் மாறியது. எல்லாக் கட்சிகளும் ஒரே தாளில் இருக்கும் சீட்டுக்கு நாடாளுமன்றம் 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுக்க அதை முதலில் பயன்படுத்தியது 2025 அக்டோபர் 26 தேர்தலில். புவனோஸ் ஐரிஸ் மாகாணத்தில் ஏழு வாரம் முன்பு, செப்டம்பர் 7 அன்று, பழைய கட்சிச் சீட்டிலேயே மாகாணத் தேர்தல் நடந்திருந்தது. அதில் பெரோனியர்கள் 13 புள்ளிக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அக்டோபரில் புதுச் சீட்டில் அதே மாகாணத்தில் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார்கள். சீட்டை மாற்றியதும் தரகர் விழுந்துவிட்டார் என்று உடனே எழுதினவர்கள் உண்டு. நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். அக்டோபரில் கூடுதலானவர்கள் ஓட்டுப் போட வந்தார்கள், அது தேசிய அரசியலை வைத்து நடந்த தேர்தல். இன்னொரு காரணம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. செப்டம்பரில் நகராட்சி உறுப்பினர் இடங்களுக்கும் ஓட்டு நடந்தது, மேயர்கள் தங்கள் சொந்த ஆட்களுக்காக ஒவ்வொரு புன்தேரோவையும் தெருவில் இறக்கினார்கள். அக்டோபரில் மேயர்களுக்கு அந்தச் சீட்டில் தங்களுடையது என்று ஒன்றும் இல்லை.